முதல் ஈடு எறங்கியாச்சு: ராயபுரத்து டீக்கடை ஒன்றின் முதல் கேப்ஷன்கள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற வழியில், ராயபுரத்துச் சந்து முனை ஒன்றில் இருக்கிறது அந்த டீக்கடை. முன்னால் பாய்லர், பக்கத்தில் வடைச் சட்டி, வெளியே இரண்டு பெஞ்சு. அதே தெருவில் நான் ஃப்ளெக்ஸ், நோட்டீஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நாலு டீ அங்கேதான்.

கடைக்கு இரண்டு வேளை வியாபாரம். விடியற்காலை மூன்று மணிக்குத் துறைமுகத்துக்குப் போகிறவர்கள், மீன் ஏலம் எடுக்க வருகிறவர்கள், வண்டிக்காரர்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரை பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளும் அம்மாக்களும், வேலை முடித்துத் திரும்புகிறவர்களும். சாயங்காலக் கூட்டத்தில் பாதி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டை நம்பி இருந்தது. ரோட்டைத் தோண்டினார்கள் என்று ஸ்டாண்டு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போனது. தோண்டின பள்ளத்தை மூடிய பிறகும் ஸ்டாண்டு திரும்பி வரவில்லை.

கடைக்கார அண்ணனுக்கு இது டீயில் தெரியவில்லை, வடையில்தான் தெரிந்தது. தினம் நூறு மசால் வடை போடுவார்கள். முன்பெல்லாம் ஆறரைக்குத் தட்டு காலி. இப்போது கடை மூடும்போது முப்பது, நாற்பது மிஞ்சியது. மிஞ்சின வடையை மறுநாள் வடகறியாக்கலாம்தான். ஆனால் தினமும் வடகறி என்றால் வீட்டிலேயே யாரும் தட்டு எடுத்துக்கொண்டு வரமாட்டார்கள்.

அவருடைய பொண்ணு பி.காம். இரண்டாம் வருஷம். "அப்பா, ஸ்டேட்டஸ் போடுங்க, எல்லா கடையும் போடுது" என்று போனில் வாட்ஸ்அப் பிசினஸ் ஏற்றிக் கொடுத்தாள். அண்ணன் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதியது இது:

"உலகத் தரம் வாய்ந்த சுவைமிகு தேநீர்! ஒருமுறை சுவைத்தால் மறுமுறை வருவீர்கள்! அனைவரும் வருக! நல்லாதரவு தருக!"

மேலே இரண்டு ரோஜாப்பூ, கீழே கும்பிடுகிற கை.

மறுநாள் என்னிடம் போனை நீட்டினார். "பதினோரு பேர்தான் தம்பி பார்த்திருக்காங்க. அதுல நாலு பேர் சொந்தக்காரங்க."

பதினோரு பேர் ஏன்?

எழுத்தைப் பார்க்கும் முன் இதைப் பார்த்தோம். அவர் போனில் இருநூறு நம்பருக்கு மேல் இருந்தது. ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இரண்டு பக்கமும் நம்பரைச் சேமித்திருந்தால்தான் தெரியும். வாடிக்கையாளர் நம்பர் நம் போனில் இருந்தால் மட்டும் போதாது, நம் நம்பர் அவர் போனிலும் இருக்க வேண்டும். டீக்கடைக்காரர் நம்பரை யார் சேமிப்பார்கள்? பால்காரர், கேஸ் போடுகிறவர், சொந்தக்காரர். பார்த்த பதினோரு பேரும் அந்த வகைதான். (சிலர் ப்ளூ டிக்கை அணைத்து வைத்திருப்பார்கள். அவர்கள் பார்த்தாலும் நம் பட்டியலில் வரமாட்டார்கள். அது சொற்பம்.)

பிராட்காஸ்ட் லிஸ்ட் போடலாமே என்று பொண்ணு கேட்டாள். அதிலும் அதே சட்டம்தான். நம் நம்பரைச் சேமிக்காதவருக்கு அது போய்ச் சேராது.

பாய்லருக்கு மேலே "எங்கள் எண்ணைச் சேமிக்கவும்" என்று ஒரு அட்டை மாட்டினோம். பத்து நாளில் ஒருவர்கூடச் சேமித்ததாகத் தெரியவில்லை. நம்பரைச் சேமிக்க ஒரு காரணம் வேண்டும் இல்லையா? அப்புறம் அட்டையை மாற்றி எழுதினேன்: "வடை எத்தனை வேணும்னு வாட்ஸ்அப்ல போடுங்க, எடுத்து வைக்கிறோம்." பள்ளிக்கூடத்து அம்மாக்கள்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளையை அழைத்துக்கொண்டு வரும்போது பார்சல் தயாராக இருந்தால் நிற்க வேண்டாமே. மெசேஜ் வந்ததும் பொண்ணு அந்த நம்பரைப் பெயர் போட்டுச் சேமித்துவிடுவாள். "வேப்பமரத்து வீட்டு அக்கா", "ஐஸ் கம்பெனி அண்ணன்" என்று. இரண்டு மாதத்தில் ஸ்டேட்டஸ் பார்க்கிறவர்கள் எழுபது, எண்பது என்று ஆனார்கள். கேப்ஷன் எழுதிப் பழகியதெல்லாம் இதற்கு நடுவில்தான்.

கல்லாவில் பேசுகிற பேச்சு

முதல் கேப்ஷனில் என்ன தப்பு என்று நான் சொல்லவில்லை. அண்ணனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அண்ணே, இந்தக் கடையில யாராச்சும் தேநீர்னு கேட்டிருக்காங்களா?"

சிரித்துவிட்டார். "எவன் கேப்பான்? லைட், ஸ்ட்ராங், சக்கரை கம்மி, அவ்ளோதான்."

அவர் எழுதியது அவருடைய பேச்சு கிடையாது. கல்யாண ஃப்ளெக்ஸ், கடைத் திறப்பு நோட்டீஸ் எல்லாம் படித்துப் படித்து, எழுத்து என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனதில் பதிந்துபோனது. அந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு. "நல்லாதரவு தருக" என்று நானே நூறு ஃப்ளெக்ஸ் அடித்திருப்பேன்.

இரண்டு நாள் எதுவும் போட வேண்டாம், கடையில் உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதை மட்டும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கம் குறித்து வையுங்கள் என்றேன். அவருக்குக் கை ஓயாது என்பதால் பொண்ணும் அண்ணியும் குறித்தார்கள். நோட்டைப் பார்த்தபோது முக்கால்வாசி சில்லறைப் பேச்சு. ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு, இரண்டு நாளும், எதிர்ச்சாரி ஆட்டோக்காரரைப் பார்த்து அவர் போட்ட சத்தம் ஒரே மாதிரி இருந்தது.

"முதல் ஈடு எறங்கியாச்சுப்பா!"

அதைக் கேட்டதும் ஆட்டோக்காரர் எழுந்து வருகிறார். அதாவது இந்த ஆளுக்கு விளம்பரம் எழுதத் தெரியும். பல வருஷமாக வாயால் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இங்கே ஒரு சின்னச் சண்டை வந்தது. பொண்ணு அதை இன்னும் கொஞ்சம் "லோக்கலாக" ஆக்கப் பார்த்தாள். "வடை சூடா கீது, வா நைனா" என்று எழுதிக் காட்டினாள். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாம பேசறது வேற, நம்மளையே நாம நக்கல் பண்றது வேற" என்றார். நான் அவர் கட்சி. வடசென்னைப் பேச்சைச் சட்டையில் அச்சடித்து விற்கிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கம் வீடு இருக்கிறவர்கள் அல்ல. இங்கே இருக்கிறவர் தன் கடையைப் பற்றி எழுதும்போது வேஷம் கட்ட வேண்டியதில்லை. "எறங்கியாச்சு" என்பதே போதும்.

இருபத்து நாலு மணி நேரம்

இரண்டாவது கேப்ஷன்: "மசால் வடை முதல் ஈடு எறங்கியாச்சு. சூடா இருக்கு."

தட்டில் வடை அடுக்கிய போட்டோவும் உண்டு. வடைக்கு அடியில் செய்தித்தாள் இருந்ததால் வேறு போட்டோ எடுக்கச் சொன்னேன். அச்சு மை ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதியிலேயே அதற்குத் தடை இருக்கிறது. கடையில் வைப்பதே தப்பு, அதைப் படமெடுத்து நாமே போடுவது இன்னும் தப்பு. வாழை இலைத் துண்டு போட்டார்.

அன்று சாயங்காலம் மூன்று பேர் "ஸ்டேட்டஸ் பார்த்தேன்" என்று சொல்லி வந்தார்கள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஐஸ் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, "வடை குடுண்ணே, சூடா இருக்குன்னு போட்டிருக்க" என்றார். வடைச் சட்டியே அடுப்பில் இல்லை.

அவர்மேல் தப்பில்லை. ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் நிற்கும். நாம் நாலு மணிக்கு எழுதியதை அவர் மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போது பார்க்கிறார். அவருக்கு அது அப்போதைய செய்தி. "இன்று", "இப்போது", "நாளை" எல்லாமே அங்கே பொய்யாகிவிடும். திங்கட்கிழமை சாயங்காலம் "நாளை கடை லீவு" என்று போட்டால், செவ்வாய் காலை பார்க்கிறவர் புதன்கிழமை லீவு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இதற்கு மருந்து சுலபம். கிழமையும் மணியும் முதலில் வர வேண்டும். மூன்றாவது கேப்ஷன் இப்படி வந்தது:

"செவ்வாய் சாயங்காலம் 4 மணி. மசால் வடை முதல் ஈடு எறங்கியாச்சு. 6 மணிக்குள்ள தீர்ந்துடும்."

கடைசி வரி அண்ணனே சேர்த்தது. எங்கேயோ பார்த்திருக்கிறார். அவசரப்படுத்தினால் வருவார்கள் என்ற கணக்கு. அன்று ஏழே காலுக்குப் பெண்மணி ஒருவர் வந்து தட்டைப் பார்த்தார். இருபத்தைந்து வடை. "தீர்ந்துடும்னு போட்டிருந்தீங்க, தீரல போல" என்று சிரித்துக்கொண்டே நாலு வாங்கிப் போனார். அவர் கேலியாகத்தான் சொன்னார். ஆனால் அவர் வாங்கிப்போனது ஆறிப்போன வடை, அடுத்த தடவை அந்த வரியை அவர் நம்பப்போவதும் இல்லை. பேர் தெரிந்தவர்களுக்கு எழுதும்போது இதுதான் கஷ்டம். ஊர் பேர் தெரியாத கம்பெனி சொன்னால் விளம்பரம் என்று விட்டுவிடுவார்கள். தெருமுனைக் கடைக்காரர் சொன்னால் வந்து கேட்பார்கள்.

கேப்ஷன் அடுப்படிக்குள் வந்தது

உண்மையாகவே ஆறு மணிக்குப் பிறகும் சூடாக வடை இருந்தால் அதையே எழுதிவிடலாமே என்றேன். அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி என்னை முறைத்தார்.

அவர் முறைத்ததில் நியாயம் இருந்தது. கடலைப்பருப்பை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைச் சுத்தமாக வடித்து, காய்ந்த மிளகாய், சோம்பு போட்டுக் கொரகொரவென்று அரைப்பார். அப்புறம் வெங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி, உப்பு போட்டுப் பிசைந்து நூறையும் ஒரே மூச்சில் சுட்டு முடித்துவிடுவார். பிசைந்த மாவை ஒன்றரை மணி நேரம் வைத்தால் வெங்காயம் உப்பில் தண்ணீர் விடும். மாவு இளகும், தட்டினால் கையில் நிற்காது, எண்ணெயில் போட்டால் பிரியும், எண்ணெயும் குடிக்கும். அதனால்தான் எல்லாவற்றையும் நாலு மணிக்கே சுட்டுவிடுவது.

வழியும் அவரே கண்டுபிடித்தார். அரைத்த பருப்பில் பாதியை வெங்காயமும் உப்பும் சேர்க்காமல் மூடி வைத்தார். ஐந்தேகாலுக்கு அதில் வெங்காயம் நறுக்கிப் போட்டு, உப்பு சேர்த்துப் பிசைந்து, ஐந்தரைக்கு இரண்டாவது ஈடு. மாவு கெட்டியாகவே நின்றது. மொத்த எண்ணிக்கை அதே நூறுதான், நாலு மணிக்கு ஐம்பது, ஐந்தரைக்கு ஐம்பது.

நாலாவது கேப்ஷன்:

"புதன் சாயங்காலம். மசால் வடை முதல் ஈடு 4 மணி, ரெண்டாவது ஈடு 5.30. எத்தனை வேணும்னு சொல்லுங்க, எடுத்து வைக்கிறோம்."

இதை நாலு மணிக்குப் போடாமல் மூன்றரைக்குப் போட்டார். பள்ளிக்கூட வாசலில் அம்மாக்கள் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரம் அது.

எது வேலை செய்தது என்று தெரிந்துகொள்ள நாங்கள் வைத்திருந்த அளவுகோல் ஒன்றுதான். கடை மூடும்போது தட்டில் மிஞ்சின வடை. பால் கணக்கு நோட்டில் தேதிக்கு நேராக ஒரு எண். எத்தனை பேர் ஸ்டேட்டஸ் பார்த்தார்கள் என்பதை அண்ணன் ஆசையாக எண்ணுவார், ஆனால் பார்க்கிறவர்கள் கூடின நாளிலெல்லாம் வடை குறையவில்லை. இரண்டு ஈடு தொடங்கி மூன்று வாரத்தில் மிச்சம் பத்து, பன்னிரண்டுக்கு வந்தது. மழை பெய்த இரண்டு நாள் மட்டும் விதிவிலக்கு, அன்று ரெண்டாவது ஈடும் ஆறு மணிக்கே காலி. அதைக் கேப்ஷன் கணக்கில் சேர்க்கவில்லை. பள்ளிக்கூட லீவு நாளில் முப்பது மிஞ்சியது, அதற்கும் கேப்ஷனைக் குறை சொல்லவில்லை. சொல்லப்போனால், மிச்சம் குறைந்ததில் கேப்ஷனுக்கு எத்தனை பங்கு, ஐந்தரை மணிச் சூடான வடைக்கு எத்தனை பங்கு என்று என்னால் பிரிக்க முடியாது. என் கணிப்பில் பாதிக்கு மேல் அண்ணியினுடையது.

டீக்கு ஏன் பலிக்கவில்லை

வடை ஓடியதும் அண்ணனுக்கு டீ மேல் ஆசை வந்தது. லாபம் அதில்தானே. "இஞ்சி ஏலக்காய் போட்ட ஸ்பெஷல் டீ" என்று ஒரு வாரம் போட்டார். "சும்மா நச்சுன்னு ஒரு டீ" என்று போட்டார். பார்த்தவர்கள் எண்பது பேர், அதற்காக வந்தவர் என்று சொல்ல ஒருவர்கூட இல்லை.

யோசித்தால் புரிகிறது. டீயை யாரும் தேடிப் போய்க் குடிப்பதில்லை, நிற்கிற இடத்தில் குடிக்கிறார்கள். அது காலை மூன்று மணியிலிருந்து ராத்திரி வரை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விஷயத்தைத் திரும்பச் சொல்லி யாரையும் கிளப்ப முடியாது. வடைக்கு ஒரு நேரம் இருக்கிறது, தவறவிட்டால் ஆறிப்போகும். அதனால் அந்த நேரத்தைச் சொல்வது செய்தி.

ஆனால் டீயிலும் இரண்டு கேப்ஷன் பலித்தது. ஒன்று தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அந்த இரண்டு மாதமும் விடியற்காலைக் கூட்டம் சுருங்கிவிடும், கடையை ஐந்து மணிக்குத்தான் திறப்பார். தடை முடிகிற வாரம் எல்லோருக்கும் இருக்கிற கேள்வி, கடை எப்போதிலிருந்து பழையபடி என்பதுதான். அவர் எழுதினார்: "ஜூன் 14 ராத்திரியிலிருந்து கடை விடிய விடிய உண்டு. ஃப்ளாஸ்க் கொண்டு வந்தா போட் ஆளுங்களுக்கு மொத்தமா ஊத்தித் தரோம்." அன்று ராத்திரி ஃப்ளாஸ்க்கும் தூக்குமாக வரிசை நின்றது. அதிலும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது, அதனால் செய்தியானது.

இன்னொன்று விலை. டீ 12 ரூபாயிலிருந்து 15 ஆக வேண்டிய நிலைமை. அண்ணன் எழுதி வைத்திருந்தது எட்டு வரி. பால் விலை, கேஸ் விலை, தவிர்க்க முடியாத காரணம், மன்னிக்கவும், தொடர்ந்து ஆதரவு தருக. மன்னிப்புக் கேட்கக் கேட்க ஏதோ தப்புப் பண்ணின மாதிரி இருந்தது. விலை ஏறினால் வாடிக்கையாளர் சந்தேகப்படுவது எதை என்று கேட்டேன். யோசிக்காமல் சொன்னார்: "டம்ளரையும் சின்னதாக்கிடுவானோன்னு." சரி, அதை எழுதுங்கள் என்றேன்.

"வர்ற திங்கள் 3ஆம் தேதியிலிருந்து டீ 15 ரூபாய். டம்ளர் அதே டம்ளர்."

திங்கட்கிழமை இரண்டு பேர்தான் முணுமுணுத்தார்கள். ஒருவர் டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார்.

நான் கறாராக வேண்டாம் என்றது ஒன்றுதான். ஐப்பசி மழையில் "சளி, இருமல் குணமாகும் சுக்கு காபி, சுத்தமான பசும்பால்" என்று எழுதியிருந்தார். ஊற்றுவது பாக்கெட் பால். சுக்கு காபி சளியைக் குணமாக்கும் என்று எழுத நாம் யார்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 53ஆவது பிரிவில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. டீக்கடை ஸ்டேட்டஸைத் தேடி அதிகாரி வருவார் என்று நான் சொல்லவில்லை. பாக்கெட்டைக் கத்தரிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு நிற்கிற வாடிக்கையாளர் வருவாரே. "தொண்டைக்கு இதமா சுக்கு காபி" என்று மாற்றிக்கொண்டார்.

கடைசியாகப் பார்த்தது

இப்போது என்னிடம் காட்டாமலேயே போடுகிறார். எழுதுவது பெரும்பாலும் வாயால்தான், போனைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. "ஈடு" என்பது அடிக்கடி "வீடு" ஆகிவிடும். ஒரு நாள் "முதல் வீடு எறங்கியாச்சு" என்று போய், மூன்று பேர் வாடகை எவ்வளவு என்று கேட்டார்கள். அதிலிருந்து போடும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கிறார்.

போன மாதம் பாய்லர் குழாய் ஒழுக ஆரம்பித்தது. வியாழக்கிழமை ராத்திரி என் போனில் அவருடைய ஸ்டேட்டஸ்:

"வெள்ளி காலை டீ கிடையாது. பாய்லர் ரிப்பேருக்குப் போயிருக்கு. மசால் வடை உண்டு, சாயங்காலம் 4, 5.30."

கிழமை இருக்கிறது, காரணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. எனக்குக் குறை சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. பத்து நிமிஷம் கழித்துப் போன் செய்தார்.

"தம்பி, அஞ்சு பேர் மெசேஜ் போட்டுட்டாங்க, சாயங்காலம் டீ இருக்குமான்னு. அதை எழுதாம விட்டுட்டேனே."

"இருக்குமாண்ணே?"

"மத்தியானம் ரெண்டு மணிக்குத் தரேன்னு சொல்லியிருக்கான். அவன் சொல்றதை நம்பி நான் எப்படிப் போடறது?"

கொஞ்ச நேரத்தில் பழையது காணாமல் போய்ப் புதுசு வந்தது. "வெள்ளி காலை டீ கிடையாது. பாய்லர் ரிப்பேர். சாயங்காலம் டீ உண்டான்னு மத்தியானம் 3 மணிக்குப் போடறேன். வடை எப்பவும்போல 4, 5.30."

மறுநாள் மூன்று மணிக்குப் பார்த்தேன். "டீ உண்டு" என்று இரண்டே வார்த்தை. கிழமை போட மறந்திருந்தார்.